தாய்லாந்து எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளியே கிடையாது: பெயர்ப்பலகையை போட்டோ எடுத்து மொழிபெயர்த்தால் அர்த்தம் ஏன் தலைகீழாக மாறுகிறது?

'தாய் மொழி'ன்னு நடுவுல ஒரு இடைவெளி விட்டு எழுதினால் தாய்லாந்து நாட்டு மொழி. அதையே 'தாய்மொழி'ன்னு சேர்த்து எழுதினால் நம்ம அம்மா பேசிய மொழி. எழுத்து ஒண்ணுதான், இடைவெளி மட்டும்தான் வித்தியாசம். (குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க தாய்லாந்து மொழி என்றே சொல்வோம்.)

தமிழில் இப்படிப்பட்ட சிக்கல் எப்போதாவதுதான் வரும். தாய்லாந்தில் ஒவ்வொரு வரியிலும் வரும். காரணம், அந்த மொழியில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடும் வழக்கமே இல்லை. கம்போடியாவின் கெமர், லாவோஸ் நாட்டின் லாவோ எழுத்துகளும் இதே மாதிரிதான்.

பாங்காக்கில் இறங்கியதும் நம்ம ஊர் சுற்றுலாப் பயணிகள் செய்யும் முதல் வேலை, கடைப் பலகையையும் எச்சரிக்கைப் பலகையையும் போன் கேமராவில் பிடித்து மொழிபெயர்ப்பது. திரையில் சில நேரம் சரியான தமிழோ ஆங்கிலமோ வரும். சில நேரம் விநோதமாக ஏதோ வரும். ஆபத்து இந்த விநோதமான விடையில் இல்லை. பார்ப்பதற்கு சரியாக இருந்து, அர்த்தம் மட்டும் நேர் எதிராக இருக்கும் விடையில்தான் இருக்கிறது.

ஒரு மருந்து விளம்பரம், இரண்டு அர்த்தம்

எங்கே இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க தாய்லாந்தில் பயன்படுத்தும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஒரு மருந்து விளம்பர வாசகம் அது. தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

யா நீ கின் லேவ் கெங் ரேங் மை மீ ரோக் பை பியத் பியன்.

சொல் சொல்லாகப் பார்ப்போம். 'யா' என்றால் மருந்து. 'நீ' என்றால் இந்த. 'கின்' என்றால் சாப்பிடுவது, 'லேவ்' என்றால் பிறகு. 'கெங்' என்றால் கெட்டியான, விறைப்பான. 'ரேங்' என்றால் பலம். 'கெங் ரேங்' இரண்டும் சேர்ந்தால் ஆரோக்கியமான, திடகாத்திரமான. 'மை மீ' என்றால் இல்லை. 'ரோக்' நமக்குத் தெரிந்த ரோகமேதான், நோய். அதோடு 'பை' சேர்ந்தால் நோய்நொடி. கடைசி சொல்லான 'பியத் பியன்' என்றால் தொல்லை கொடுப்பது.

விளம்பரம் எழுதியவர் சொல்ல வந்தது: "இந்த மருந்தைச் சாப்பிட்டால் திடமாக இருப்பீர்கள், நோய்நொடித் தொல்லை இருக்காது."

இப்போ பலகை குறுகலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயின்டர் இடத்துக்குத் தக்கபடி மூன்று வரியாகப் பிரித்து எழுதிவிட்டார்:

யா நீ கின் லேவ் கெங்
ரேங் மை மீ
ரோக் பை பியத் பியன்

முதல் வரி: "இந்த மருந்தைச் சாப்பிட்டால் விறைத்துப்போகும்." இரண்டாவது வரி: "பலம் இல்லை." மூன்றாவது வரி: "நோய்நொடி தொல்லை கொடுக்கும்."

ஒரு எழுத்துகூட மாறவில்லை. 'கெங் ரேங்' என்ற சொல் நடுவில் உடைந்தது, அவ்ளோதான். அதோடு 'இல்லை' என்ற சொல் நோயை விட்டுவிட்டு பலத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. பலகையைப் பார்க்கும் உள்ளூர்க்காரர் மூன்று வரியையும் ஒரே மூச்சில் படித்து சரியாகப் புரிந்துகொள்வார். எந்த வியாபாரியும் "எங்க மருந்து சாப்பிட்டா விறைச்சுப் போவீங்க"ன்னு போர்டு வைக்க மாட்டார்னு அவருக்குத் தெரியும். போனுக்கு அது தெரியாது.

நமக்கு இருக்கும் புள்ளி, அவர்களுக்கு இல்லை

இடைவெளி இல்லாதது மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அது தமிழ் தெரிந்தவர்களுக்கு சட்டென்று புரியும்.

தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது. அதாவது காஞ்சிபுரத்தை ஆண்ட பல்லவர்கள் பயன்படுத்திய எழுத்தின் பேரப்பிள்ளை அது. அதனால்தான் மெய்யெழுத்தின் மேல, கீழ, முன்னாடி, பின்னாடி உயிர்க்குறி போடும் முறை அங்கேயும் இருக்கிறது. கால் வாங்குவது, முன்னால் கொம்பு போடுவது எல்லாம் உண்டு.

ஆனால் நம்ம 'க்', 'ம்' மேல் வைக்கும் புள்ளி தாய்லாந்து எழுத்தில் வழக்கமாகக் கிடையாது. ஒரு சொல் மெய்யில் முடிந்தால் அந்த எழுத்தை அப்படியே வெறுமனே எழுதிவிடுவார்கள். இரண்டு மெய்களுக்கு நடுவில் வரும் குட்டி 'ஒ' ஓசையையும் எழுத மாட்டார்கள். படிப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால் என்ன ஆகும்? அவர்கள் எழுதும் ஒரு சொற்றொடரை எழுத்துக்கு எழுத்து தமிழில் போட்டுப் பார்ப்போம்:

தாகலம

இதை 'தா' என்று முதலில் வெட்டினால் மிச்சம் 'கலம'. படிக்கும்போது 'தா க்லொம்' என்று வரும். 'தா' என்றால் கண், 'க்லொம்' என்றால் வட்டமான. ஆக, வட்டக் கண்.

இதையே 'தாக' என்று ஒரு எழுத்து தள்ளி வெட்டினால் மிச்சம் 'லம'. படிக்கும்போது 'தாக் லொம்'. 'தாக்' என்றால் வெளியில் காயவிடுவது, படவிடுவது. 'லொம்' என்றால் காற்று. ஆக, காற்று வாங்குவது.

தமிழில் 'க்' மேல் புள்ளி வைத்தால் அந்த 'க்' யாரைச் சேர்ந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். அங்கே அந்த உதவி இல்லை. "குழந்தை தாகலம" என்றால் வட்டக் கண் குழந்தை. "உட்கார்ந்து தாகலம" என்றால் உட்கார்ந்து காற்று வாங்குவது. பக்கத்தில் இருக்கும் சொல்தான் முடிவு செய்கிறது. பக்கத்தில் எதுவுமே இல்லாமல், ஒரு கடையின் பெயராக இந்த எழுத்துகள் மட்டும் பலகையில் இருந்தால்? உள்ளூர்க்காரரே கடைக்காரரிடம் கேட்டால்தான் தெரியும்.

நம்ம ஊரிலும் ஒரு காலத்தில் இதே நிலைமைதான். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் பழைய ஓலைச்சுவடிகளிலும் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது, பல இடங்களில் மெய்க்குப் புள்ளியும் இருக்காது. 'பலகை' என்று இருந்தால் அது மரப்பலகையா, பல கைகளா என்று படிப்பவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். புலவர்கள் இதை வைத்தே பிரிமொழிச் சிலேடை பாடினார்கள். அச்சுப் புத்தகம் வந்த பிறகு நமக்கு இடைவெளி பழகிவிட்டது. தாய்லாந்தில் அச்சு வந்த பிறகும் சேர்த்து எழுதுவதே தொடர்ந்தது.

அங்கே இடைவெளியே கிடையாதா?

உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாய்லாந்து எழுத்தில் இடைவெளி விட்டால், 'இங்கே ஒரு சொற்றொடர் முடிந்தது, மூச்சு விடு' என்று அர்த்தம். நாம் காற்புள்ளி, முற்றுப்புள்ளி வைக்கும் வேலையை அங்கே இடைவெளி செய்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'வக்'. நம்ம 'வர்க்கம்' வந்த அதே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளிகூட வைக்க மாட்டார்கள், ஒரு இடைவெளியோடு சரி.

ஆக நமக்கு இடைவெளி என்பது சின்ன விஷயம், அவர்களுக்குப் பெரிய விஷயம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

போன் எப்படி சொற்களைப் பிரிக்கிறது?

பலகையை போட்டோ எடுத்ததும் செயலி வரிசையாகச் சில வேலைகளைச் செய்கிறது. முதலில் படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடி, ஒவ்வொரு வரியைச் சுற்றியும் ஒரு கட்டம் போடும். பிறகு கட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகளை அடையாளம் காணும். பிறகு எந்த வரியும் எந்த வரியும் சேர்ந்தது என்று முடிவு செய்யும். அதன்பின் சொற்களாகப் புரிந்துகொண்டு மொழிபெயர்க்கும். ஆங்கிலப் பலகை என்றால் சொல் பிரிக்கும் வேலை பலகை எழுதியவரே செய்து கொடுத்துவிடுகிறார். தாய்லாந்துப் பலகையில் அதை இயந்திரம்தான் செய்தாக வேண்டும்.

இதற்கு ஆரம்ப காலத்தில் வந்த எளிய வழி: ஒரு அகராதியை வைத்துக்கொண்டு இடதுபக்கத்திலிருந்து, கிடைப்பதிலேயே நீளமான சொல்லை வெட்டிக்கொண்டே போவது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது எங்கே உதைக்கும் என்பதற்கு தாய்லாந்து கணினித் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்று இருக்கிறது. தமிழ் எழுத்தில் போட்டால்:

பைஹாமஹேசீ

'பை' என்றால் போ. அடுத்து 'ஹா' என்றால் தேடிப்போவது, சந்திப்பது. 'மஹேசீ' என்றால் மகாராணி, நம்ம 'மகிஷி'யோடு உறவுள்ள சொல். "மகாராணியைப் பார்க்கப் போ" என்பதுதான் அர்த்தம்.

ஆனால் அகராதியில் 'ஹாம்' என்றும் ஒரு சொல் இருக்கிறது. தோளில் வைத்துத் தூக்குவது என்று பொருள். அது 'ஹா'வை விட நீளம். எனவே இயந்திரம் 'ஹாம்' என்று வெட்டிவிடும். மகாராணியின் முதல் எழுத்து போய்விட்டது. மிச்சமிருப்பது 'ஹே' (விலகு), 'சீ' (நிறம்). "போ, தூக்கு, விலகு, நிறம்" என்று நாலு சொல், ஒரு அர்த்தமும் இல்லை.

இதைச் சரிசெய்ய அடுத்து வந்த யோசனை: எல்லா விதமாகவும் வெட்டிப் பார்த்து, மிகக் குறைவான சொற்கள் வரும் வழியை எடுப்பது. 'பை, ஹா, மஹேசீ' மூன்று சொல். மற்றது நாலு சொல். மூன்றே ஜெயிக்கும், மகாராணி தப்பித்தார்.

ஆனால் நம்ம வட்டக் கண்ணை இந்த வழியாலும் காப்பாற்ற முடியாது. 'தா க்லொம்' இரண்டு சொல், 'தாக் லொம்' இரண்டு சொல். டை! அதனால்தான் இப்போதைய முறைகள் பக்கத்துச் சொற்களையும் பார்க்கின்றன. ஏராளமான வாக்கியங்களை ஆட்கள் கையால் பிரித்து வைத்து, அதிலிருந்து எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எது வரும் என்று இயந்திரத்துக்குப் பழக்குகிறார்கள். தாய்லாந்து அரசின் நெக்டெக் ஆய்வு மையம் 'பெஸ்ட்' என்ற பெயரில் இப்படியொரு பெரிய தொகுப்பை உருவாக்கியிருக்கிறது.

செய்திக் கட்டுரை, புத்தகப் பக்கம் என்றால் இது நன்றாகவே வேலை செய்கிறது. பெயர்ப்பலகையில்தான் அடி வாங்குகிறது. அங்கே வாக்கியமே இருக்காது, நாலு சொல்தான் இருக்கும். அதில் பாதி ஆள் பெயராக இருக்கும். 'சோம்சாய்' என்பது தாய்லாந்தில் சர்வ சாதாரணமான ஆண் பெயர். அதை 'சோம்' (பொருத்தமான), 'சாய்' (ஆண்) என்று வெட்டிவிட்டால், சோம்சாய் கடை 'பொருத்தமான ஆண் கடை' ஆகிவிடும்.

வரி முடிவில் இருக்கும் பொறி

இப்போ பலகைக்கு வருவோம். வரி முடியும் இடத்தை என்ன செய்வது? செயலிக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது, இரண்டிலும் ஆபத்து இருக்கிறது.

ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மொழிபெயர்த்தால் மருந்து விளம்பரத்துக்கு நடந்ததுதான் நடக்கும். 'வெளியாட்கள்' என்று ஒரு வரி, 'உள்ளே வரக்கூடாது' என்று அடுத்த வரி இருக்கும் பலகைகளை அங்கே நிறைய பார்க்கலாம். இரண்டாவது வரி மட்டும் கேமராவில் விழுந்தால், அங்கே வேலை பார்ப்பவருக்கும் சேர்த்துத் தடை என்று ஆகிவிடும்.

எல்லா வரியையும் ஒட்டிப் போட்டால் இன்னொரு விபத்து. மேல் வரி 'தா' என்று முடிந்து, கீழ் வரி 'கலம' என்று ஆரம்பித்தால், பெயின்டர் தெளிவாக வட்டக் கண் என்றுதான் பிரித்திருக்கிறார். ஒட்டியதும் அந்தத் தடயம் அழிந்துபோய், இயந்திரம் காற்று வாங்கப் போய்விடும்.

ஏனென்றால் தாய்லாந்தில் பலகை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லின் நடுவில் எழுத்தை உடைத்து அடுத்த வரிக்குப் போக மாட்டார்கள். எனவே வரி முடிந்தால் ஒரு சொல்லும் முடிந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் கூட்டுச் சொல் விதிவிலக்கு. 'நாம்' என்றால் தண்ணீர், 'கெங்' என்றால் கெட்டி, இரண்டும் சேர்ந்தால் ஐஸ். 'ரொத்' என்றால் வண்டி, 'ஃபை' என்றால் நெருப்பு, சேர்ந்தால் ரயில். 'நாம் தா' என்றால் கண்ணீர், நம்மைப் போலவே கண்ணையும் நீரையும் சேர்த்துத்தான் அவர்களும் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட சொற்கள் இடம் போதாமல் இரண்டு வரியில் உடையலாம். 'கெங் ரேங்' உடைந்தது அப்படித்தான். ஆக வரி முடிவு சொல்லுக்கு எல்லையாக இருக்கலாம், சொற்றொடருக்கு எல்லை என்று சொல்ல முடியாது.

இங்கேதான் இடைவெளி விஷயம் திரும்ப வருகிறது. போட்டோவிலிருந்து எழுத்தை நகலெடுத்து மொழிபெயர்ப்புப் பெட்டியில் ஒட்டும்போது, நாம என்ன செய்வோம்? வரி முடிவை அழித்துவிட்டு ஒரு இடைவெளி தட்டுவோம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அதுதான் சரி. தாய்லாந்து மொழிக்கு அது தப்பு. அங்கே இடைவெளி என்றால் 'சொற்றொடர் முடிந்தது'. 'கெங்' பக்கத்தில் நீங்கள் தட்டிய இடைவெளி, "விறைத்துப்போகும்" என்று அடித்துச் சொல்லிவிடும். வரி முடிவை அழித்தால் இடைவெளி விடாமல் அப்படியே ஒட்ட வேண்டும்.

குறி ஒன்று போனால்

போட்டோவில் இன்னொரு சிக்கல் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாய்லாந்து எழுத்து நாலு அடுக்கில் உட்காரும்: கீழே உயிர்க்குறி, நடுவில் மெய், மேலே உயிர்க்குறி, அதற்கும் மேலே தொனிக்குறி. தூரத்திலிருந்து எடுத்தாலோ, வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்தாலோ முதலில் காணாமல் போவது அந்தக் குட்டித் தொனிக்குறிதான்.

மேலே 'தூக்கு' என்று பார்த்தோமே, அந்த 'ஹாம்' மேல் ஒரு தொனிக்குறி போட்டால் 'தடை' என்று ஆகிவிடும். 'நிறுத்தத் தடை', 'நுழையத் தடை' என்று பல எச்சரிக்கைப் பலகைகள் இந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கும். குறி மறைந்தால் தடை 'தூக்கு' ஆகிவிடும். 'இல்லை' என்று பொருள்படும் 'மை'யில் வேறு தொனிக்குறி இருந்தால் அது மரக்கட்டை. பலகையின் மொழிபெயர்ப்பில் சம்பந்தமே இல்லாமல் 'தூக்கு' என்றோ 'மரம்' என்றோ வந்தால், குறி ஏதோ விழுந்துவிட்டது என்று உடனே சந்தேகப்படலாம்.

கடைகளில் இப்போ பிரபலமாக இருக்கும் சுழி இல்லாத நவீன எழுத்துருக்கள் இன்னும் மோசம். அவற்றில் சில தாய்லாந்து எழுத்துகள் அப்படியே ஆங்கிலத்தின் எஸ், யு, டபிள்யூ மாதிரியே இருக்கும். கேமரா ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டால் அதற்குப் பிறகு பிரிப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

நீங்கள் என்ன செய்து பார்க்கலாம்?

நேரலையாக கேமராவை ஆட்டிக்கொண்டே பார்க்காதீர்கள். ஒவ்வொரு நொடியும் வரிக் கட்டங்கள் மாறுவதால் விடையும் மாறிக்கொண்டே இருக்கும். நேராக நின்று, ஒரே பலகை மட்டும் இருக்கும்படி ஒரு போட்டோ எடுத்து, பக்கத்துப் பலகையை வெட்டிவிடுங்கள். இரண்டு பலகை அருகருகே இருந்தால் இடது பலகையின் முதல் வரியோடு வலது பலகையின் முதல் வரியை ஒட்டிப் படித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது.

அதன்பின் எழுத்தை நகலெடுத்து இரண்டு விதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். ஒன்று, வரிகள் இருப்பது போலவே. இன்னொன்று, வரி முடிவுகளை அழித்து, இடைவெளி விடாமல் ஒட்டி. இரண்டிலும் ஒரே அர்த்தம் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை', 'தடை' மாதிரியான சொற்கள் ஒன்றில் ஒரு பக்கமும் இன்னொன்றில் வேறு பக்கமும் ஒட்டினால், எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில்தான் பிரச்சனை.

எங்கே வெட்டுகிறது என்பதையே பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. நகலெடுத்த எழுத்தை குறிப்பு எழுதும் செயலியில் ஒட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். தமிழில் என்றால் இடைவெளி வரைக்கும் சொல் தேர்வாகும். தாய்லாந்து எழுத்தில் இடைவெளி இல்லாவிட்டாலும் பல போன்களில் ஒரு துண்டு மட்டும் நிறம் மாறும். அதுதான் உங்கள் போன் தன்னிடம் உள்ள அகராதியை வைத்து 'ஒரு சொல்' என்று நினைக்கும் பகுதி. மொழிபெயர்ப்புச் செயலி வேறு விதமாகவும் பிரிக்கலாம், ஆனால் சந்தேகம் எங்கே என்று காட்டிக்கொடுக்க இது போதும்.

இதெல்லாம் உணவகப் பலகை, பார்க்கிங் பலகை அளவுக்குத்தான். மருந்துச் சீட்டு என்றால் போட்டோ மொழிபெயர்ப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். மருந்துக் கடைக்காரரிடம் சீட்டைக் காட்டி, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று விரலால் சுட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.